உடம்பு சரியில்லை, சந்திப்பை மாற்ற வேண்டும்: என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது?

"சார், நேத்து நைட்டுலருந்து ஒரே வாமிட்டிங். வெளியில சாப்பிட்டது ஒத்துக்கல போல. நாலு தடவை போயிட்டு வந்துட்டேன். இப்ப லேசா காய்ச்சலும் இருக்கு. டாக்டர் டிரிப்ஸ் ஏத்தணும்னு சொல்லியிருக்கார். ப்ரிஸ்கிரிப்ஷன் போட்டோ அனுப்பியிருக்கேன் பாருங்க. அதனால இன்னைக்கு மீட்டிங்குக்கு வர முடியுமான்னு தெரியல. ரொம்ப ரொம்ப சாரி சார்."

வாடிக்கையாளருக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பாத அலுவலகம் நம் ஊரில் இருக்காது. எழுதியவர் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் இதைப் படிக்கிறவருக்குத் தெரிய வேண்டிய எதுவும் இதில் இல்லை. சந்திப்பு நடக்குமா, நடக்காதா? நடக்காது என்றால் எப்போது? அதற்காக ஒதுக்கி வைத்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் வேறு வேலை பார்க்கலாமா? "வர முடியுமான்னு தெரியல" என்ற ஒரு சொல்லால் அவருடைய காலைப்பொழுது முழுவதும் தொங்கலில் நிற்கிறது. அவர் கேட்காத வாந்திக் கணக்கு மட்டும் அவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நாம் ஏன் இப்படி எழுதுகிறோம் என்பதற்குக் காரணம் பள்ளிக்கூடத்திலேயே தொடங்குகிறது. விடுப்புக் கடிதத்தில் காரணம் எழுதினால்தான் ஆசிரியர் நம்புவார். பிறகு வேலைக்குப் போன இடத்திலும், "நிஜமாவே காய்ச்சலா?" என்று கேட்கும் மேலாளர் ஒருவராவது வாய்த்திருப்பார். நம்பமாட்டார்களோ என்ற பயத்தில் சான்றுகளை அடுக்கிப் பழகிவிட்டோம். மருந்துச்சீட்டின் படமும், ஊசி ஏறிய கையின் படமும் அந்தப் பயத்தின் நீட்சிதான். இந்தப் பழக்கத்தை விடுவது அவசியம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதற்கு முதலில், எதிரில் இருப்பவருக்கு என்ன தேவை என்பதைப் பார்க்க வேண்டும்.

இந்த விஷயத்தை ஜெர்மனி சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. அங்கே ஊழியருக்கு உடல்நலம் கெட்டால் நிறுவனத்துக்கு உடனே சொல்ல வேண்டியவை இரண்டுதான்: வேலைக்கு வர இயலவில்லை, ஏறக்குறைய எத்தனை நாள் ஆகும். மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவர் சான்று வேண்டும். அந்தச் சான்றிலும் நிறுவனத்துக்குப் போகும் பகுதியில் நோயின் பெயர் இருக்காது. 2023 முதல் பெரும்பாலும் கணினி வழியாகவே நிறுவனங்கள் அந்தத் தகவலைப் பெற்றுக்கொள்கின்றன. அப்போதும் என்ன நோய் என்பது தெரியாது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதே தெரியும். சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கே அவ்வளவு போதும் என்றால், வாரத்துக்கு ஒருமுறை சந்திக்கிற வாடிக்கையாளருக்கு அதைவிட அதிகம் எதற்கு? இந்தியாவிலும் 2011-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் ஒருவரின் உடல்நிலை, மனநிலை, மருத்துவ வரலாறு ஆகியவற்றை மென்மையான தனிப்பட்ட தகவல்கள் என்ற வகையில் கடவுச்சொல்லோடும் வங்கிக் கணக்கு விவரத்தோடும் சேர்த்து வைத்தன. வங்கிக் கணக்கு எண்ணைக் குழுவில் போடத் தயங்குகிற நாம் மருந்துச்சீட்டைத் தயங்காமல் போட்டுவிடுகிறோம்.

ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒருவருக்குச் சரக்கு இருப்புக் கணக்குக்கான மென்பொருளைச் செய்து கொடுக்கிறது. வியாழக்கிழமை காலை 11 மணிக்கு அவருடைய அலுவலகத்தில் சந்திப்பு. இதுவரை செய்ததைக் காட்ட வேண்டும். எந்தத் தேதியிலிருந்து புதிய முறைக்கு மாறுவது என்று முடிவெடுக்க வேண்டும். இந்த வேலைக்குப் பொறுப்பானவருக்குச் செந்தில் என்றும், அவரோடு சேர்ந்து வேலை பார்ப்பவருக்குக் கவிதா என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். புதன்கிழமை இரவு எட்டு மணிக்குச் செந்திலுக்குக் குளிர் எடுக்கிறது. ஒன்பதரைக்கு வெப்பமானியை வைத்தால் 102 காட்டுகிறது.

பெரும்பாலோர் இந்த இடத்தில் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று மாத்திரை போட்டுப் படுப்பார்கள். காலை ஏழு மணிக்குக் காய்ச்சல் குறைந்தது போல இருக்கும், குளித்துக் கிளம்ப நினைப்பார்கள். ஒன்பது மணிக்கு மாத்திரையின் வேகம் தணிந்ததும் மறுபடி ஏறும். பத்தரைக்குச் செய்தி போகும். அதற்குள் திருப்பூரில் அவர் கணக்கரையும் கிடங்கு மேற்பார்வையாளரையும் வரச்சொல்லி உட்கார வைத்திருப்பார். 102 டிகிரி காய்ச்சலோடு படுப்பவர் மறுநாள் காலை ஐம்பது கிலோமீட்டர் போய் இரண்டு மணி நேரம் பேசுவது நடக்காத காரியம். ஆகவே முடிவை இரவே எடுத்துவிட வேண்டும். ஆனால் வாடிக்கையாளருக்கு எழுதும் முன்னால் இன்னொருவரிடம் பேச வேண்டியிருக்கிறது.

அது கவிதா. "எனக்குப் பதில் கவிதா வருவார்" என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டு, பிறகு கவிதாவைக் கூப்பிட்டு "நாளைக்கு நீங்க போகணும்" என்பது அடிக்கடி நடக்கிறது. வியாழக்கிழமை காலை கவிதாவுக்கு வேறு வேலை இருக்கலாம். அவர் முடியாது என்றால் ஒரே விஷயத்துக்காக வாடிக்கையாளரிடம் இரண்டாவது முறை போய் நிற்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு அழைப்பது சங்கடமாக இருந்தால் ஒரு செய்தி போதும்: "கவிதா, எனக்கு உடம்பு முடியல. நாளைக்கு 11 மணிக்குத் திருப்பூர் மீட்டிங் இருக்கு. உங்களால போக முடியுமா? முடியலைன்னாலும் பரவாயில்லை, அடுத்த வாரத்துக்கு மாத்திக் கேட்டுக்கறேன்." கடைசி வாக்கியம் முக்கியமானது. அது இருந்தால்தான் கவிதா உண்மையான பதிலைச் சொல்வார்.

கவிதா சரி என்கிறார். இப்போது வாடிக்கையாளருக்கான செய்தி. இரவு பத்து மணிக்குள் அனுப்பலாம், அல்லது காலை ஏழு மணிக்குப் போகும்படி எழுதி வைக்கலாம்.

"வணக்கம் சார். எனக்கு உடல்நலம் சரியில்லாததால் நாளை (வியாழன்) காலை 11 மணி சந்திப்புக்கு என்னால் வர இயலவில்லை. மன்னிக்கவும். இந்த வேலையை ஆரம்பத்திலிருந்தே என்னோடு சேர்ந்து பார்க்கும் கவிதா அதே நேரத்துக்கு வரத் தயாராக இருக்கிறார். இதுவரை முடித்ததைக் காட்டி, உங்கள் ஆட்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். மாறும் தேதியை மட்டும் நான் வந்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம். நானே வருவது நல்லது என்று நினைத்தால் திங்கள் காலை 11 அல்லது செவ்வாய் மதியம் 3 மணிக்கு வருகிறேன். எது வசதி என்று சொல்லுங்கள், அதன்படி செய்துவிடுகிறோம்."

நோயைப் பற்றி இதில் இருப்பது "உடல்நலம் சரியில்லாததால்" என்ற இரண்டு சொற்கள். காய்ச்சல் என்றுகூட எழுத வேண்டியதில்லை. எழுதினால் குற்றமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்ச்சல் வந்தபோது காய்ச்சல் என்றும், மற்ற நாளில் வெறுமனே "உடம்பு சரியில்லை" என்றும் எழுதினால், அந்த மற்ற நாளில் "என்னவாக இருக்கும்?" என்ற கேள்வி தானாக எழும். மாதவிடாய் வலியில் சுருண்டு கிடக்கும் பெண், கரு தங்காமல் போன துக்கத்தில் இருப்பவர், தூக்கமில்லாமல் மனநல மருத்துவரைப் பார்க்கத் தொடங்கியிருப்பவர் ஆகிய எல்லோருக்கும் இந்த இரண்டு சொற்களே மறைவிடம். சாதாரணக் காய்ச்சல்காரர்களும் இதே சொற்களைப் பயன்படுத்தினால்தான் அந்த மறைவிடம் நிலைக்கும். விவரம் குறைவாக எழுதுவதில் எனக்குத் தெரிந்த மிக நல்ல காரணம் இதுதான்.

சொல்ல வேண்டிய இடமும் ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை அந்த அலுவலகத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிவிட்டு, வியாழக்கிழமை உங்களுக்குச் சின்னம்மை என்றோ கோவிட் என்றோ தெரிந்தால், அதை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அவர் வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கலாம். அப்போது அது அவருக்கும் தேவைப்படுகிற தகவல்.

அடுத்து, சக ஊழியரைப் பற்றிய பகுதி. செய்தியில் அதிக இடம் பிடிப்பது இதுதான், பிடிக்கவும் வேண்டும். "கவிதா வருவார்" என்று மட்டும் எழுதினால், யாரோ ஒரு புதியவரை அனுப்பிச் சமாளிக்கிறார்கள் என்று தோன்றும். ஆரம்பத்திலிருந்தே வேலையில் இருப்பவர் என்று சொன்னவுடன் அந்தச் சந்தேகம் போகிறது. அவரால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பிரித்துச் சொல்வது அதைவிட முக்கியம். மாறும் தேதி என்பது வாக்குறுதி. பணமும் ஆட்களும் அதில் அடங்கியிருக்கின்றன. அதைக் கவிதாவின் தலையில் ஏற்றினால், மூன்று பேர் எதிரில் உட்கார்ந்து "ஒண்ணாந் தேதியே மாறிடலாம்ங்களா?" என்று கேட்கும்போது அவரால் முடியாது என்று சொல்ல வராது. முன்கூட்டியே எழுதிவிட்டால், "அதை செந்தில் வந்து பேசுவாருங்க" என்று அவர் தயக்கமின்றிச் சொல்லலாம்.

மாற்று ஆளைத் தேடுவது வெறும் மரியாதை சார்ந்த விஷயம் இல்லை என்று நீதிமன்றங்களே கருதுகின்றன. வாய்தா வாங்குவதைப் பற்றிய விதிகள் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17-வது கட்டளையில் இருக்கின்றன. வழக்கறிஞருக்கு உடம்பு சரியில்லை என்று வாய்தா கேட்டால், உரிய நேரத்தில் வேறொரு வழக்கறிஞரை அமர்த்தியிருக்க முடியாது என்று நீதிபதி திருப்தி அடைந்தால் ஒழிய வாய்தா கொடுக்கக் கூடாது என்கிறது அதில் ஒரு விதி. நோய் உண்மையா என்ற கேள்வியோடு அந்த விதி நிற்கவில்லை. இன்னொருவரை ஏற்பாடு செய்ய வழி இருந்ததா என்று கேட்கிறது. காத்திருக்கும் தரப்பின் பக்கம் நின்று யோசித்தால் அந்தக் கேள்வி எவ்வளவு நியாயமானது என்று புரியும். முந்தைய நாள் இரவு ஒன்பதரைக்கே செந்தில் கவிதாவிடம் கேட்டது அந்தக் கேள்விக்கான பதில்.

முடிவை வாடிக்கையாளரிடம் விட்டிருப்பதையும் பாருங்கள். சிலர் மாற்று ஆளை அனுப்புவதை முடிவு செய்துவிட்டு அறிவிப்பாக எழுதுவார்கள். சிலர் சந்திப்பைத் தள்ளிவைத்துவிட்டு, "உங்களுக்கு எப்போ வசதியோ சொல்லுங்க" என்பார்கள். கேட்பதற்குப் பணிவாக இருந்தாலும், நேரம் தேடும் வேலை அவர் தலையில் விழுகிறது. இரண்டு குறிப்பான நேரங்களைக் கொடுத்தால் அவர் ஒரு சொல்லில் பதில் எழுதிவிடலாம். அந்த நேரங்கள் ஏன் வெள்ளிக்கிழமையாக இல்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. காய்ச்சல் எப்போது விடும் என்று புதன்கிழமை இரவே யாருக்கும் தெரியாது. நடுவில் சனி, ஞாயிறு வருமாறு திங்களைச் சொன்னால் உடம்புக்கு மூன்று நான்கு நாள் கிடைக்கிறது. வெள்ளி என்று சொல்லி, வெள்ளி காலையிலும் முடியாமல் போனால், இரண்டாவது மாற்றத்துக்கு முதல் மாற்றத்துக்குக் கிடைத்த பொறுமை கிடைக்காது. அந்த நேரத்தில்தான் "எனக்கு உண்மையிலேயே என்ன ஆச்சுன்னா…" என்று விவரத்துக்குள் இறங்க வேண்டிவரும்.

காலையில் அவரிடமிருந்து அழைப்பு வருகிறது. நம் ஊரில் இது நிச்சயம் வரும்.

"என்னங்க செந்தில், என்ன ஆச்சுங்க உடம்புக்கு?"

"டாக்டரப் பாத்தாச்சுங்க சார், ஓய்வெடுக்கச் சொல்லியிருக்காங்க. ரெண்டு மூணு நாள்ல வந்துருவேனுங்க."

"காய்ச்சலுங்களா? இப்ப எல்லா பக்கமும் இருக்குதுங்க. நெலவேம்புக் கசாயம் குடிங்க."

"சரிங்க சார், குடிக்கறேன். கவிதா இன்னைக்கு 11 மணிக்கு வரட்டுங்களா, இல்ல திங்கக்கிழமை நானே வரட்டுங்களா?"

அக்கறையோடு கேட்கிறவரிடம் "அதைச் சொல்ல விருப்பமில்லை" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல நம்மால் முடியாது, சொல்லவும் வேண்டாம். மருத்துவரைப் பார்த்தாகிவிட்டது, எப்போது திரும்புவேன் என்ற இரண்டும் அவருடைய அக்கறைக்குப் போதுமான பதில். அவர் காய்ச்சலா என்று ஊகித்தபோது செந்தில் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கசாயத்தை ஏற்றுக்கொண்டு பேச்சை வேலைக்குத் திருப்பிவிட்டார். பொய்க் காரணம் சொல்வதை மட்டும் தவிர்க்க வேண்டும். மனஉளைச்சலில் இருப்பவர் "டைபாய்டு" என்று சொல்லிவிட்டால், அடுத்த சந்திப்பில் எத்தனை நாள் படுத்தீர்கள், எந்த ஆஸ்பத்திரி என்று கேள்விகள் தொடரும். ஒவ்வொன்றுக்கும் புதுப்பொய் தேவைப்படும்.

வாடிக்கையாளர் கவிதாவை வரச்சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இனி செந்தில் படுத்துக்கொள்ளலாம், ஒரு சின்ன வேலை மட்டும் பாக்கி. கவிதாவுக்கு ஒரு குறிப்பு. காட்ட வேண்டிய கோப்பு எங்கே இருக்கிறது, போன முறை எதில் விட்டோம், அங்கே யார் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார், எதை வாக்குக் கொடுக்கக் கூடாது. கிடங்கு மேற்பார்வையாளர் பழைய நோட்டுப் புத்தகத்தை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது, செந்திலின் தலையில்தான் இருக்கும். இதையெல்லாம் தட்டச்சு செய்யத் தெம்பில்லை என்றால் இரண்டு நிமிடக் குரல்பதிவு போதும். காணொளிச் சந்திப்பாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. அழைப்பை உருவாக்கியவர் இல்லாமல் கூட்டம் தொடங்காதபடி அமைப்பு இருக்கலாம். அப்படியானால் கவிதாவே புதிய இணைப்பை அனுப்புவது எளிது.

அந்தக் குறிப்பில் ஒரு வரியை மறக்காமல் சேர்க்க வேண்டும்: "என்னைப் பத்திக் கேட்டா, உடம்பு சரியில்லை, திங்கள் வந்துருவேன்னு மட்டும் சொல்லுங்க." விவரம் வெளியே போவது பெரும்பாலும் நம் வாயால் அல்ல, நல்லெண்ணம் கொண்ட சக ஊழியர் வாயால்தான். "பாவம் சார், அவருக்கு டெங்குவோன்னு டெஸ்ட் எடுத்திருக்காங்க" என்று இரக்கத்தோடு சொல்லிவிடுவார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. எதைச் சொல்லலாம் என்று நாம் சொல்லி வைக்கவில்லை.

கருவிகளும் இதே போலக் காட்டிக்கொடுக்கும். கூகுள் நாள்காட்டியிலோ அவுட்லுக்கிலோ சந்திப்பின் நேரத்தை மாற்றும்போது ஒரு குறிப்பு எழுத இடம் இருக்கும். அது அழைப்பில் உள்ள எல்லோருக்கும் போகும். எதிர்த்தரப்பில் நமக்கு முகம் தெரியாத நான்கு பேர் அதில் இருக்கக்கூடும். அந்த இடத்தில் "நேரம் மாற்றப்பட்டுள்ளது" என்பதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. வாடிக்கையாளர் பதில் சொல்லும் முன்னால் சந்திப்பை ரத்து செய்யவும் கூடாது. ரத்து செய்தால் அவருடைய நாள்காட்டியிலிருந்து அது போய்விடும், கவிதா வருவதை அவர் ஏற்றுக்கொண்ட பிறகு மறுபடி முதலிலிருந்து அழைப்பு அனுப்ப வேண்டும். மின்னஞ்சலுக்குத் தானாகப் போகும் விடுப்புப் பதிலில் தேதிகளும் கவிதாவின் தொடர்பும் இருந்தால் போதும், அந்தப் பதில் முன்பின் தெரியாதவர்களுக்கும் போகிறது. இருபது பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போடுவதைவிட, முடிவெடுக்கிறவருக்குத் தனியாக அனுப்புவதே நல்லது. குழுவில் போட்டால் "கெட் வெல் சூன்" வரிசையில் அவருடைய பதில் அடியில் போய்விடும்.

எல்லாச் சந்திப்புக்கும் மாற்று ஆள் பொருந்தமாட்டார். ஒருவருடைய சம்பள உயர்வைப் பற்றிய பேச்சு, வேலை நீக்கம், ஊழியர் நம்பி உங்களிடம் மட்டும் சொல்ல நினைத்த புகார் போன்றவற்றுக்கு வேறொருவரை முன்வைப்பதே தவறு. அங்கே தள்ளிவைத்தல் மட்டும்தான் வழி. ஆனால் அதிலும் குறிப்பான புதிய நேரம் கட்டாயம், ஏனென்றால் அந்தப் பேச்சுக்காகக் காத்திருப்பவர் ஒவ்வொரு நாளையும் கவலையோடு கழிக்கிறார். வேலைக்கான நேர்காணலுக்குப் போக முடியாத விண்ணப்பதாரரும் யாரையும் அனுப்ப முடியாது. அவர் "உடல்நலம் சரியில்லை, இந்த இரண்டு நாட்களில் ஒன்றில் வாய்ப்பு கிடைக்குமா" என்று கேட்டால் போதும். தனியாகத் தொழில் செய்கிறவருக்குச் சக ஊழியர் கிடையாது. ஆனாலும் வீட்டுக்கு வந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் பயிற்சித்தாள் ஒன்றை அனுப்பலாம். கட்டட வரைபடக்காரர் வரைபடத்தை முன்கூட்டியே அனுப்பி, "பார்த்து வையுங்கள், திங்கள் பேசுவோம்" எனலாம். ஆள் போக முடியாத இடத்துக்கு வேலையின் ஒரு பகுதியாவது போகிறது.

வியாழன் மாலை கவிதா தன் குறிப்பை அனுப்புகிறார்: மூன்று மாற்றங்கள் கேட்டிருக்கிறார்கள், மேற்பார்வையாளருக்குப் பழைய நோட்டின் வடிவத்திலேயே ஒரு திரை வேண்டுமாம், தேதி பேசவில்லை. திங்கட்கிழமை திருப்பூருக்குப் பேருந்து ஏறும்போது செந்தில் அதைப் படித்திருக்க வேண்டும். "போன மீட்டிங்குல என்ன பேசினீங்க?" என்று வாடிக்கையாளரிடமே கேட்டால், கவிதாவை அனுப்பியது கண்துடைப்பாகிவிடும். "கவிதா எல்லாம் சொன்னாங்க சார், அந்த நோட்டு மாதிரியே ஒரு திரை போட்டுக் கொண்டு வந்திருக்கேன், பாருங்க" என்று தொடங்கினால், வியாழக்கிழமை விட்ட இடத்திலிருந்து நேராகத் தேதிக்குப் போய்விடலாம்.